அறுவை சிகிச்சை மருத்துவருக்கு எழுதிய நன்றிக் கடிதம்



சென்ற ஷவ்வால் மாதத்தில் நமக்குப் பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடைபெற்றது. உடல் தேறி எழுந்தபின், சிகிச்சையளித்த மருத்துவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத விரும்பினோம். ஒரு பக்கத்திற்குச் சற்று அதிகமான அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. இருமுறை எழுதிக் கிழித்தோம். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு வாய்மை பற்றிப் பாடம் நடத்துகிற நாம், நன்றி சொல்லும்போது எவ்வளவு எளிதாகப் பொய்யை எழுதிவிடுகிறோம் என்பதை அந்த மூன்று வாரங்களில் கண்டுகொண்டோம். அதனையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஓராண்டுக்கும் மேலாக, நெய்ச்சோறும் கறியும் உண்ட இரவுகளில் நமக்கு வலது விலா எலும்பின்கீழ் வலி எடுக்கும். அது முதுகுப்பக்கம் பரவி, வலது தோள்வரை ஏறும். வாயுத்தொல்லை என்று எண்ணி மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவோம். ரமளான் முடிந்து உறவினர் வீட்டு வலீமா விருந்துக்குச் சென்று வந்த அன்று இரவு வலி விடவில்லை. மறுநாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பித்தப்பையில் கற்கள் இருப்பதும், அவற்றுள் ஒன்று அதன் வாயில் அடைத்துக்கொண்டதால் பை வீங்கி அழற்சி கண்டிருப்பதும் தெரிந்தது.

அறுவைக்கு முந்திய மாலையில் மருத்துவர் நம் கட்டிலருகே வந்து அமர்ந்தார். வயிற்றில் நான்கு சிறு துளைகள் இட்டு, கேமராவை உட்செலுத்தி, திரையில் பார்த்தபடியே பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்யப்போவதாகச் சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. "உள்ளே தெளிவாகத் தெரியவில்லை என்றால் விலாவின்கீழ் பெரிதாகத் திறந்துதான் செய்யவேண்டிவரும். சாதாரணமாக நூறு பேரில் ஐந்து பேருக்கு அப்படி ஆகும். உங்களுக்கு மூன்று நாள் அழற்சி இருப்பதால் வாய்ப்பு அதைவிடக் கூடுதல்" என்றார். நாமும் தலையசைத்துவிட்டுச் சம்மதப் படிவத்தில் கையொப்பம் இட்டோம். உண்மையைச் சொல்வதானால், நான்கு துளை என்பது மட்டுமே நம் காதில் விழுந்திருந்தது.

மறுநாள் மயக்கம் தெளிந்தபோது வலது விலாவின்கீழ் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்திற்குக் கட்டு இருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. இரண்டு நாளில் வீடு திரும்பலாம் என்று எண்ணியிருந்த நாம் ஐந்து நாள் தங்கவேண்டியதாயிற்று. பார்க்க வந்த மச்சான், "நாலு ஓட்டைன்னு சொல்லிட்டு இப்படிக் கிழிச்சு வச்சிருக்காரே, கைப்பழக்கம் போதாதோ?" என்று கேட்டார். அவருக்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. நம் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அன்று மாலை மருத்துவர் வந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே, நம் மனைவியின் கையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். கல்லீரலின் அடியில் ஒரு சிறு சுரைக்காய் போலப் பித்தப்பை. அதிலிருந்து இறங்கும் சிறு குழாய். அது சென்று சேரும் பெரிய பித்தக்குழாய். பித்தப்பையை எடுக்கவேண்டுமானால் அதன் சிறு குழாயையும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளத்தையும் கிளிப் போட்டு வெட்டவேண்டும். வெட்டுவதற்கு முன்பு அங்குள்ள கொழுப்பையும் சவ்வையும் விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் செல்பவை அந்த இரண்டு மட்டுமே என்பதைக் கண்ணால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நமக்கோ அழற்சியால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. முக்கால் மணி நேரம் முயன்றும் அந்த இரண்டையும் தனித்தனியே காண முடியவில்லையாம்.

"அந்த இடத்தில் தைரியமாக வெட்டியிருந்தால், பெரிய பித்தக்குழாயையே சிறு குழாய் என்று எண்ணி வெட்டிவிடும் ஆபத்து உண்டு. அதைச் சரிசெய்ய இன்னொரு பெரிய அறுவை தேவைப்படும். அதனால் நிறுத்திவிட்டுத் திறந்து செய்தேன்" என்றார்.

பிறகு நாம் இதுபற்றித் தேடிப் படித்தோம். வெட்டுமுன் இரண்டையும் தெளிவாகக் கண்டாக வேண்டும் என்னும் இந்த விதிக்கு 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பி பரவிய தொடக்க ஆண்டுகளில் பித்தக்குழாய் தவறுதலாக வெட்டுப்படுவது அதிகரித்ததே அதற்குக் காரணம். அப்படி வெட்டுப்பட்டவர்களுக்கு மஞ்சள் காமாலையும் பித்தக் கசிவும் ஏற்படும். குடலையே மேலே இழுத்துக் கல்லீரலின் குழாயோடு இணைத்துத் தைக்கவேண்டிய நிலையும் வரலாம். நம் வயிற்றிலுள்ள ஒரு சாண் தழும்பு அவருடைய கை தவறியதால் வந்ததன்று. கை ஓரிடத்தில் நின்றதால் வந்தது.

மூன்றாம் வாரம் முதல் கடிதத்தை எழுதினோம். இப்போது நினைத்தால் நாணமாக இருக்கிறது. எங்களுக்கு மறுவாழ்வு தந்த தெய்வ உள்ளமே என்று தொடங்கினோம். தங்கள் பொற்கரங்கள் தொட்டவுடன் வலி பறந்தது என்றும், தங்களைப்போல் ஒரு மருத்துவர் தமிழ்நாட்டிலேயே இல்லை என்றும் எழுதினோம். பிளஸ் டூ படிக்கும் மகளிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னோம்.

அவள் படித்துவிட்டு, "வாப்பா, வலி பறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆப்பரேஷன் முடிஞ்ச ராத்திரி நீங்க தூங்கவே இல்லையே. உம்மா ரெண்டு தடவை நர்ஸைக் கூப்பிட்டாங்களே?" என்றாள். சற்று நேரம் கழித்து, "தமிழ்நாட்டுல வேற எத்தனை டாக்டர்கிட்ட நீங்க ஆப்பரேஷன் பண்ணியிருக்கீங்க?" என்றும் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் நாம் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நடத்தி வருகிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரை மிகுதியாகப் புகழ்ந்தபோது, அது தோழரின் கழுத்தை வெட்டியதற்கு ஒப்பாகும் என்று அண்ணலார் கண்டித்தார்கள். புகழ்ந்தே ஆகவேண்டும் என்றால், தாம் அறிந்ததை மட்டும் 'இவரை இப்படிப்பட்டவராகக் கருதுகிறேன்' என்னும் அளவில் சொல்லிவிட்டு, அவரைக் கணக்கெடுப்பதை அல்லாஹ்விடம் விட்டுவிட வேண்டும் என்று வழிகாட்டினார்கள். புகழ்பவர் ஒரு சாட்சியாளர். சாட்சி தான் கண்டதைத் தாண்டக்கூடாது என்றுதான் இதை வகுப்பில் விளக்குவோம். நம் கடிதத்தில் நாம் கண்ட செய்தி ஒன்றுகூட இல்லை.

இதில் பிறருக்கு நேரும் தீங்கும் உண்டு. அந்த மருத்துவமனையின் வரவேற்பறையில் நோயாளிகள் எழுதிய நன்றிக் கடிதங்களைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். அறுவைக்கு முன் அங்கே அமர்ந்திருந்தபோது நாமே அவற்றைப் படித்தோம். வலியே தெரியவில்லை, மறுநாளே நடந்தேன் என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது. மருத்துவர் கட்டிலருகே அமர்ந்து சொன்ன எச்சரிக்கை நம் காதில் விழாமல் போனதற்கு அந்தச் சட்டங்களும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறோம். நம் கடிதமும் அங்கே மாட்டப்பட்டால், அதைப் படிக்கும் இன்னொரு நோயாளி தமக்கு வலித்தால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அஞ்சுவார். அல்லது மருத்துவரைக் குறை சொல்வார்.

இரண்டாம் முறை எழுதியபோது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டோம். நோயுறும்போது குணமளிப்பவன் இறைவனே என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் சொன்னதாகத் திருக்குர்ஆன் கூறுவதைக் குறிப்பிட்டு, ஷிஃபா அவனிடமிருந்து வந்தது, தாங்கள் ஒரு கருவி என்று எழுதினோம். கடிதம் நான்கு வரியில் முடிந்துவிட்டது. அதில் அகீதாவில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் நம் மனைவி படித்துவிட்டு, "கத்தியும் கருவிதான். கத்திக்கா கடிதம் எழுதுறீங்க?" என்றார்.

அவர் சொன்னது சரியே. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்னும் கருத்துடைய நபிமொழியை அபூதாவூதில் காண்கிறோம். குணம் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பது நம் நம்பிக்கை. முக்கால் மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு, வெட்டாமல் நிறுத்தியது அந்த மனிதர் எடுத்த முடிவு. முந்தியதைச் சொல்லிப் பிந்தியதை மறைத்தால் அது பணிவு போலத் தோன்றும் கஞ்சத்தனமே ஆகும். மேலும் அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். தாங்கள் ஒரு கருவி என்று எழுதினால், அவர் செய்தது ஒன்றுமில்லை என்று நாம் சொல்வதாகவே அவருக்குத் தோன்றும்.

மூன்றாம் முறை எழுத உட்காரும்போது ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொண்டோம். ஒரு பக்கம் நாம் கண்டவை, கேட்டவை. மறுபக்கம் நமக்குத் தெரியாதவை. அவர் சிறந்த மருத்துவரா என்பது தெரியாத பக்கம் போயிற்று. வேறொருவர் செய்திருந்தால் நாம் பிழைத்திருக்க மாட்டோம் என்பதும் அங்கேயே போயிற்று. முன்கூட்டியே எச்சரித்தார், கேட்கும் முன்பே விளக்கினார், படம் வரைந்தார் என்பவை கண்ட பக்கத்தில் நின்றன. அறுவை அரங்கினுள் நிகழ்ந்ததை நாம் காணவில்லை, மயக்கத்தில் இருந்தோம். ஆகவே அதை 'தாங்கள் சொன்னபடி' என்று எழுதுவதே முறை.

ஒரு செய்தியை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். எட்டாம் நாள் தையலின் ஓரம் சிவந்து, இலேசான மஞ்சள் நிற நீர் கசிந்தது. பித்தநீரோ என்று நம் மனைவி அஞ்சினார். மருத்துவர் பார்த்துவிட்டு, தோலின் கீழ்தான் நீர் சேர்ந்திருக்கிறது, உள்ளிருந்து வரவில்லை என்றார். இரண்டு தையல்களைப் பிரித்து நீரை வெளியேற்றினார். பத்து நாள் தினமும் கட்டு மாற்றியபின் ஆறிற்று. நன்றிக் கடிதத்தில் இதைச் சொன்னால் குறை கூறுவதுபோல் ஆகுமோ என்று தயங்கினோம். ஆனால் அதை விட்டுவிட்டால், அன்று நாம் தொலைபேசியில் அழைத்தபோது, மறுநாள் வரை காத்திருக்கச் சொல்லாமல் உடனே வரச் சொன்னதற்கு நன்றி சொல்ல வழியில்லாமல் போய்விடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதினோம்.

கட்டுரைகளில் 'நாம்' என்று எழுதுவது நம் வழக்கம். கடிதத்தில் மட்டும் 'நான்' என்றே எழுதினோம். சாட்சி சொல்பவர் தம் ஒருவருக்காகத்தானே சொல்ல முடியும். கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

ஆறு வாரங்களுக்கு முன் தாங்கள் எனக்குப் பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்தீர்கள். இப்போது நலமாக இருக்கிறேன். காய்ச்சலும் பழைய வலியும் திரும்ப வரவில்லை. முதல் நான்கு வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுதேன். சென்ற வாரம் முதல் தரையில் நெற்றி வைத்துத் தொழ முடிகிறது. மத்ரஸாவில் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து பாடம் நடத்துகிறேன். நெய் கூடிய உணவு உண்டால் வயிறு சற்று இளகுகிறது. தாங்கள் சொன்னபடி அளவோடு உண்கிறேன். பனை ஓலைப்பெட்டி அளவு பாரம்கூட இன்னும் தூக்கவில்லை.

மூன்று காரணங்களுக்காகத் தங்களுக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன்.

அறுவைக்கு முந்திய மாலையில், திறந்து செய்யவேண்டி வரலாம் என்பதை வெளிப்படையாகச் சொன்னீர்கள். அன்று நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

உள்ளே குழாய்கள் தெளிவாகத் தெரியாதபோது, வெட்டாமல் நிறுத்தித் திறந்து செய்ததாகச் சொன்னீர்கள். கண்விழித்தபோது பெரிய கட்டைப் பார்த்து வருந்தினேன்; மனத்திற்குள் தங்கள்மீது குறையும் பட்டேன். தாங்கள் வரைந்து காட்டிய படத்தைப் பார்த்தபிறகு புரிந்துகொண்டேன். சிறிய தழும்பு வேண்டும் என்ற என் விருப்பத்தைவிட என் பாதுகாப்பைப் பெரிதாகக் கருதியிருக்கிறீர்கள். இதற்காகவே முதன்மையாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எட்டாம் நாள் புண்ணில் நீர் கசிந்தபோது, அழைத்த அன்றே வரச்சொல்லிப் பார்த்தீர்கள். அது எதனால் வந்தது, எத்தனை நாளில் ஆறும் என்பதையும் சொன்னீர்கள், அவ்வாறே ஆறிற்று.

மயக்க மருந்து அளித்த மருத்துவருக்கும், முதல் இரவு வலி தாங்காதபோது இருமுறை வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், என்னை முதன்முதலில் எழுப்பி நடக்கவைத்த வார்டு உதவியாளர் அம்மாவுக்கும் என் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர்களுடைய பெயர்களைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

மருத்துவம் நான் கற்கவில்லை. ஆகவே தங்கள் திறமையை அளந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் கண்ட அளவில், தாங்கள் உண்மையைச் சொல்பவர். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துபவர். அப்படியே தங்களைக் கருதுகிறேன். இறைவன் தங்களுக்கு நற்கூலி வழங்குவானாக."

கடிதத்தில் 'உயிர்', 'தெய்வம்', 'அதிசயம்' என்ற சொற்கள் ஒன்றுகூட வரவில்லை. மகளிடம் மீண்டும் கொடுத்தோம். அவள் பனை ஓலைப்பெட்டியைச் சுட்டி, "டாக்டருக்கு இது புரியுமா வாப்பா?" என்று மட்டும் கேட்டாள். பெட்டியை எடுத்துவிட்டு, ஐந்து கிலோ என்று மாற்றினோம்.

அடுத்த பரிசோதனைக்குச் சென்றபோது கடிதத்தை நேரில் கொடுத்தோம். பழமோ உறையில் பணமோ எதுவும் கொண்டு செல்லவில்லை. அவருக்குரிய கட்டணத்தை முன்பே செலுத்தியாயிற்று. அவர் அங்கேயே பிரித்து மெதுவாகப் படித்தார். ஓரிடத்தில் நின்று, முன்னே சென்ற கண்ணைத் திரும்ப மேலே கொண்டுவந்து படித்தார். எந்த இடம் என்று நமக்குத் தெரியாது. படித்து முடித்ததும் மடித்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

"திறந்து செய்த பிறகு இரண்டு நாள் நீங்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கவனித்தேன்" என்றார் சிரித்தபடி. நாம் தலைகவிழ்ந்தோம். "அந்த நீர் கசிந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? படுங்கள், பார்க்கிறேன்" என்று எழுந்துகொண்டார்.

தழும்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நன்றாக ஆறியிருக்கிறது என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அவரிடம், "நன்றி டாக்டர்" என்றும் சொன்னோம்.

அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக. பிறரின் நன்மையைக் கண்டபடியே எடுத்துச் சொல்லும் நாவை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.